வேலை செய்கிறதா, எப்படி வேலை செய்கிறது: செயற்கைத் தரவில் ஓர் ஒத்திகை

சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள என் வீட்டு மாடி அறையில் கடந்த மூன்று வாரமாக நான் செய்து பார்த்த ஒரு புள்ளியியல் ஒத்திகையை இங்கே பதிந்து வைக்கிறேன். இதில் வரும் எண்கள் எந்த நோயாளியிடமிருந்தும் வந்தவை அல்ல; கணினியில் நானே உருவாக்கிய செயற்கைத் தரவிலிருந்து வந்தவை. உண்மை என்னவென்று எனக்கு முன்கூட்டியே தெரிந்த தரவில், வழக்கமான பகுப்பாய்வு அந்த உண்மையைக் கண்டுபிடிக்கிறதா என்று சோதிப்பதே நோக்கம்.

இதற்குக் காரணம் ஒரு வரி. ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டுகளை ஒட்டிய ஊர்களில் பணிபுரியும் உளவியலாளர் ஒருவர், பெண் தொழிலாளர்களிடையே காணும் மனச்சோர்வுக்கு ‘நடத்தைச் செயலூக்கம்’ என்னும் பேச்சுச் சிகிச்சையைச் சோதிக்க ஒரு சிறிய ஆய்வைத் திட்டமிட்டு வருகிறார். 200 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வழக்கமான மருத்துவக் கவனிப்பையும், மற்றதற்கு அதோடு வாரம் ஒன்றாக எட்டு அமர்வுகளையும் கொடுப்பது திட்டம். மனச்சோர்வு வந்தவர் வெளியே போவதைக் குறைக்கிறார், பிடித்ததைச் செய்வதை நிறுத்துகிறார், அதனால் மனத்துக்கு இதமான அனுபவங்கள் குறைகின்றன, மனம் மேலும் சோர்கிறது. இந்தச் சுழலைச் சிறுசிறு செயல்களை நாள்வாரியாகத் திட்டமிடுவதன் மூலம் உடைக்கலாம் என்பது இச்சிகிச்சையின் கோட்பாடு. அவருடைய வரைவில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: ‘சிகிச்சை, அன்றாடச் செயல்பாட்டைக் கூட்டுவதன் மூலம் மனச்சோர்வைக் குறைக்கிறதா என்பதைக் கண்டறிவோம்.’ நான் அந்த வாக்கியத்தில்தான் நின்றுவிட்டேன். அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன; ஒன்றுக்குக் குலுக்கல் காவல் இருக்கிறது, மற்றதற்கு இல்லை.

முதல் கேள்வி, சிகிச்சை வேலை செய்கிறதா என்பது. இதற்கு விடை காண அதிக வித்தை தேவையில்லை. குலுக்கிப் போட்டதால் இரு குழுக்களும் தொடக்கத்தில், தற்செயலான வேறுபாடுகள் நீங்கலாக, ஒத்தவை. மூன்றாம் மாத முடிவில் பி.எச்.க்யூ.-9 அளவையில் இரு குழுக்களின் சராசரியையும் ஒப்பிட்டால் வரும் வேறுபாடு சிகிச்சைத் தொகுப்பின் விளைவே. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27 என்ற அந்த அளவையைச் சுகாதார நிலையங்களில் பணிபுரிவோர் பலரும் அறிவர். இரண்டாவது கேள்வி, அந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு செயல்பாடு கூடியதன் வழியாக வந்தது என்பது. சிகிச்சைக்கும் விளைவுக்கும் நடுவில் நிற்கும் செயல்பாட்டு மதிப்பெண்ணை இங்கே ‘இடைமாறி’ என்று அழைக்கிறேன்.

வரைவில் இருந்த பகுப்பாய்வு, 1986இல் பேரன், கென்னி என்ற உளவியலாளர்கள் பரவலாக்கிய வழிமுறைதான். சிகிச்சை இடைமாறியை எவ்வளவு மாற்றுகிறது என்று ஒரு ரெக்ரஷன். இதன் கெழுவை a என்பார்கள். சிகிச்சையையும் இடைமாறியையும் சேர்த்து வைத்து விளைவைக் கணிக்கும் இன்னொரு ரெக்ரஷன். இதில் இடைமாறியின் கெழு b. இரண்டையும் பெருக்கினால் வருவது மறைமுக விளைவு, அதாவது செயல்பாட்டின் வழியே சென்றதாகக் கருதப்படும் பங்கு. சிகிச்சைக்கு மிஞ்சி நிற்கும் கெழு நேரடி விளைவு. கணக்கு எளிது, முடிவு கவர்ச்சியானது. இதழ்களில் அம்புக்குறி போட்ட முக்கோணப் படமாக அழகாக அமரும்.

இதை R என்ற புள்ளியியல் மென்பொருளில், ஒரு பொய்யான உலகில் ஓட விட்டேன். அந்த உலகில் சிகிச்சை மனச்சோர்வை 3 புள்ளிகள் குறைக்கிறது. செயல்பாட்டை 4 புள்ளிகள் கூட்டவும் செய்கிறது. ஆனால் செயல்பாடு கூடுவதால் மனச்சோர்வு ஒரு துளியும் குறைவதில்லை. அதாவது, உண்மையான மறைமுக விளைவு பூச்சியம். கூடவே, நான் அளக்காமல் விட்டுவிட்ட ஒரு மாறியை ஒளித்து வைத்தேன். நிரலில் அது `u`. வீட்டில் கணவரின் குடி குறைந்திருப்பது, மாமியாரின் ஆதரவு, பிள்ளைகள் விடுதியில் சேர்ந்ததால் கிடைத்த ஓய்வு, எதை வேண்டுமானாலும் அதன் இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். அது உள்ளவருக்குச் செயல்பாடும் கூடும், மனமும் தேறும்.

```r
library(mediation)
n <- 200
x <- rep(0:1, each = n/2)
u <- rnorm(n)
m <- 20 + 4*x + 3*u + rnorm(n, 0, 4)
y <- 14 - 3*x + 0*m - 2.5*u + rnorm(n, 0, 4)
d <- data.frame(x, m, y)
fm <- lm(m ~ x, data = d)
fy <- lm(y ~ x + m, data = d)
r <- mediate(fm, fy, treat = "x",
             mediator = "m", sims = 1000)
summary(r)
```

ஆறாவது வரியில் `0*m` என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இந்த உலகின் உண்மை முழுவதும் அந்தப் பூச்சியத்தில்தான் இருக்கிறது. (முதல் வரியில் வரும் `mediation` தொகுப்பு `MASS` தொகுப்பையும் தன்னோடு இழுத்து வருவதால், `dplyr` பயன்படுத்துவோருக்கு `select` கட்டளை திடீரென்று வேலை செய்யாமல் போகும். எனக்கு அரைமணி நேரம் அதில் போயிற்று.)

ஒரே ஒரு முறை ஓட்டினால் தற்செயல் நம்மை ஏமாற்றக்கூடும் என்பதால், புதிது புதிதாகத் தரவை உருவாக்கி ஆயிரம் முறை ஓட்டிச் சராசரி பார்த்தேன். மொத்த விளைவு −3 சுற்றி வந்தது, அது சரி. மறைமுக விளைவு −1.2 சுற்றி வந்தது. அதன் திட்டப்பிழை ஏறக்குறைய 0.33 என்பதால், 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி பெரும்பாலும் −1.85க்கும் −0.55க்கும் இடையே அமைந்து, ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பூச்சியத்தைத் தொடாமல் நின்றது. திரையில் `Prop. Mediated` என்ற வரி 0.4 சுற்றி நிற்கிறது. ‘சிகிச்சையின் பயனில் 40 விழுக்காடு செயல்பாடு கூடியதால் விளைந்தது’ என்று எவரும் தயக்கமின்றி எழுதிவிடுவார்கள். உண்மையில் அது முழுப்பொய். நானே செய்து வைத்த பொய்.

எங்கே ஏமாந்தோம் என்பதைக் கையால் கணக்கிட்டே காணலாம். ஒரே குழுவுக்குள் செயல்பாட்டின் மாறுபாடு 9 + 16 = 25. செயல்பாடும் மனச்சோர்வும் `u` வழியாக மட்டுமே சேர்ந்து அசைகின்றன, அந்த இணைமாறுபாடு 3 × (−2.5) = −7.5. ஆகவே ரெக்ரஷன் காணும் b என்பது −7.5 ÷ 25 = −0.3. இதை a ஆகிய 4ஆல் பெருக்கினால் −1.2. மொத்த விளைவான −3இலிருந்து அதைக் கழித்து, நேரடி விளைவு −1.8 என்று மென்பொருள் சொல்கிறது. உண்மையான நேரடி விளைவோ −3. ஒரு பிழை இரண்டு இடங்களில் எதிரெதிராகப் பதிவாகி, கூட்டினால் மட்டும் சரியாக வருகிறது. மொத்தம் சரியாக இருப்பதைக் கண்டு பிரிப்பும் சரியாக இருக்கும் என்று நம்புவதுதான் இங்குள்ள கண்ணி.

குலுக்கல் எதைக் காக்கிறது, எதைக் கைவிடுகிறது என்பது இதிலிருந்து தெளிவாகிறது. யாருக்குச் சிகிச்சை என்பதை நாம் குலுக்கினோம். ஆகவே சிகிச்சையிலிருந்து புறப்படும் இரண்டு அம்புகளும், அதாவது இடைமாறிக்குச் செல்வதும், பிரிக்காமல் மொத்தமாக விளைவுக்குச் செல்வதும், நம்பத்தக்கவை. யார் எவ்வளவு செயல்பட்டார் என்பதை நாம் குலுக்கவில்லை. அதை அவரவர் வாழ்க்கை முடிவு செய்தது. எனவே இடைமாறியிலிருந்து விளைவுக்குச் செல்லும் அம்பு, குலுக்கல் ஆய்வுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சாதாரணக் கண்காணிப்பு ஆய்வு. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1981இலேயே ஜட்டும் கென்னியும் இந்த எச்சரிக்கையைச் சொல்லியிருக்கிறார்கள். வழிமுறை பரவிய வேகத்தில் எச்சரிக்கை பின்தங்கிவிட்டது.

சரிசெய்யும் முதல் முயற்சியாக, `u`வையே இரண்டு ரெக்ரஷன்களிலும் சேர்த்தேன். மறைமுக விளைவு உடனே பூச்சியத்தைச் சுற்றி விழுந்தது. ஆனால் நிஜ ஆய்வில் அந்த நெடுவரிசை நம்மிடம் இருக்காது. நம்மிடம் இருக்கக்கூடியது, சிகிச்சை தொடங்குமுன் எடுத்த மனச்சோர்வு மதிப்பெண்ணும் செயல்பாட்டு மதிப்பெண்ணும். குடும்பச் சூழல் போன்ற நிலையான காரணிகள் அந்தத் தொடக்க அளவுகளிலும் தடம் பதித்திருக்கும் என்பதால், அவற்றைச் சேர்ப்பது `u`வைப் பகுதியளவு பிடிக்கும். எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் கேள்வி.

```r
y0 <- 16 - 2.5*u + rnorm(n, 0, 3)
m0 <- 20 + 3*u + rnorm(n, 0, 4)
fm <- lm(m ~ x + y0 + m0)
fy <- lm(y ~ x + m + y0 + m0)
```

தொடக்க மனச்சோர்வை மட்டும் சேர்த்தபோது மறைமுக விளைவு −1.2இலிருந்து −0.83க்கு இறங்கியது. தொடக்கச் செயல்பாட்டையும் சேர்த்தபோது −0.66. பொய்யில் ஏறக்குறைய பாதி கரைந்தது, பாதி அப்படியே நின்றது. பாதிக்கும் மேற்பட்ட முறைகளில் நம்பிக்கை இடைவெளி பூச்சியத்தை இன்னும் தொடவில்லை. ஒவ்வொரு அளவையும் தனக்குரிய பிழையோடு வருவதால், அது ஒளிந்திருப்பதை முழுவதும் காட்டிக்கொடுப்பதில்லை. ‘தொடக்க மதிப்பெண்களுக்குச் சரிசெய்தோம்’ என்ற வாக்கியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு என்னளவில் இதுவே அளவுகோல்: அவசியம் செய்ய வேண்டியது, செய்தும் தீராதது.

இரண்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த எண்களை எடுத்துக்கொண்டு இருபது கொண்டையூசி வளைவுகளையும் ஏறி அவரைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அண்ணா, அப்ப ‘எப்படி’ங்கற கேள்வியையே எடுத்துரட்டுங்களா?”

“எடுக்க வேண்டாம்மா. ரெண்டையும் ஒரே வாக்கியத்துல வைக்காம இருந்தாப் போதும். அளக்கற நேரத்தையும் மாத்தணும்.”

நேரம் என்று நான் சொன்னதற்குக் காரணம், அவருடைய வரைவில் செயல்பாட்டையும் மனச்சோர்வையும் ஒரே நாளில், மூன்றாம் மாத முடிவில் அளப்பதாக இருந்தது. அப்படி அளந்தால், செயல்பட்டதால் மனம் தேறியதா, மனம் தேறியதால் செயல்பட்டாரா என்பதைத் தரவு சொல்லவே சொல்லாது. அம்பைத் திருப்பிப் போட்டாலும் ரெக்ரஷன் அதே உற்சாகத்தோடு ஒரு கெழுவைத் தரும். ஆகவே இடைமாறியை நான்காம் அமர்வின்போது அளப்பது என்று மாற்றினோம். கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே வாரத்தில். கோவாவில் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் 495 பேரிடம், மனநலப் பட்டம் பெறாத ஆலோசகர்களைக் கொண்டு இதே வகைச் சிகிச்சையைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்விலும், மூன்றாம் மாதச் செயலூக்கம் பன்னிரண்டாம் மாத மனச்சோர்வின் மீதான விளைவுக்கு இடைமாறியாக இருந்தது என்று நேர வரிசையைக் காத்தே அறிவித்தார்கள். இடைமாறி முன்னால், விளைவு பின்னால் என்பது குறைந்தபட்ச ஒழுங்கு.

ஆனால் நேர வரிசை மட்டும் போதாது என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. நான்காம் அமர்வில் செயல்பாட்டை அளக்கும்போது, அந்த வாரத்துக்குள் சிலருக்கு மனமும் தேறியிருக்கும். அந்த நடுவழி மனநிலை செயல்பாட்டையும் கூட்டும், இறுதி மனநிலைக்கும் அடிகோலும். எனவே அதுவும் ஒரு குழப்பும் காரணி. அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், செயல்பாட்டுக்கு உரியதல்லாத பெருமை செயல்பாட்டுக்குப் போகும். சேர்த்தாலோ வேறொரு சிக்கல்: நடுவழி மனநிலையைச் சிகிச்சையே மாற்றியிருக்கிறது. அதை நிலைநிறுத்திவிட்டுப் பார்த்தால், சிகிச்சை மனத்தைத் தேற்றி, அதன் வழியே செயல்பாட்டைக் கூட்டிய பங்கு கணக்கிலிருந்தே வெட்டப்படுகிறது. தொடக்க மதிப்பெண் போல இதைச் சும்மா ரெக்ரஷனில் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துவிட முடியாது. சிகிச்சைக்குப் பின் பிறந்த குழப்பும் காரணி இருக்கும்போது, வழக்கமான நேரடி, மறைமுக விளைவுகளைத் தரவிலிருந்து பிரித்தெடுக்கவே வழியில்லை என்பது கோட்பாட்டளவில் நிறுவப்பட்ட ஒன்று.

இதற்கு ஒரு மாற்று வழி, கேள்வியையே சற்று மாற்றிக்கொள்வது. ஒவ்வொரு பெண்ணுக்கும் சிகிச்சை இல்லாதபோது அவருடைய செயல்பாடு எவ்வளவு இருந்திருக்குமோ அதை அவருக்கே பொருத்திப் பார்ப்பதற்குப் பதிலாக, சிகிச்சைக் குழுவின் செயல்பாட்டுப் பரவலைக் கட்டுப்பாட்டுக் குழுவின் பரவலைப் போல மாற்றினால் சராசரி மனச்சோர்வு எவ்வளவு மாறும் என்று கேட்பது. இது குறைவான கேள்வி, ஆனால் விடை சொல்லத்தக்க கேள்வி. நடுவழி மனநிலையையும் முறையாகக் கையாள இடம் தருகிறது. திட்டத்தில் இதைத் துணைப் பகுப்பாய்வாக எழுதினோம். 200 பேர் இதற்குப் போதுமா என்றால், துல்லியம் குறைவாகவே இருக்கும் என்று அதே பத்தியில் எழுதவும் செய்தோம்.

இடைநின்றவர்கள் விஷயத்தில் ஒரு சிறு விபத்து நடந்தது. நிஜத்தைப் போல இருக்கட்டும் என்று சில வரிசைகளில் இடைமாறியையும் வேறு சிலவற்றில் விளைவையும் நீக்கிவிட்டு ஓட்டியபோது, இரண்டு ரெக்ரஷன்களிலும் உள்ள ஆள்களின் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று `mediate` மறுத்துவிட்டது. இரண்டும் முழுமையாக உள்ளவர்களை மட்டும் வைத்துக்கொண்டேன், ஓடிவிட்டது. பிறகுதான் உறைத்தது: இப்போது `Total Effect` என்ற வரியில் வந்து நிற்பது, குலுக்கப்பட்ட 200 பேரின் விளைவே அல்ல. நான்காம் அமர்வுவரை நிலைத்தவர்களின் விளைவு. மூன்றாம் அமர்வில் நின்றுவிட்டவர் பெரும்பாலும் தேறாதவராக இருந்தால், எஞ்சியவர்களைக் கொண்டு சிகிச்சையை அளப்பது அதைப் புகழ்வதாகவே முடியும். ‘எப்படி’ என்ற கேள்விக்காகச் செய்த வெட்டு, ‘வேலை செய்கிறதா’ என்ற கேள்வியின் விடையைக் கெடுக்க இதைவிட எளிய வழியில்லை. ஆகவே திட்டத்தில் இப்படி எழுதினோம்: மொத்த விளைவை, குலுக்கப்பட்ட அனைவரையும் அவரவர் ஒதுக்கப்பட்ட குழுவிலேயே வைத்து, தனி மாதிரியில், முதலில் கணக்கிட்டு எழுதி மூடிவிட வேண்டும், இடைமாறிப் பகுப்பாய்வு அதன் பிறகு, விடுபட்ட மதிப்புகளைப் பன்முறை நிரப்பும் முறையில், அதன் மொத்த விளைவு வரி முதன்மை முடிவாக எங்கும் மேற்கோள் காட்டப்படக் கூடாது.

இனி, அளக்காத காரணியை என்ன செய்வது. அதை நீக்க முடியாது. ஆனால் அது எவ்வளவு வலுவாக இருந்தால் நம் முடிவு கவிழும் என்று கேட்கலாம். இமாயும் கூட்டாளிகளும் 2010இல் முன்வைத்த முறை அதைத்தான் செய்கிறது. இடைமாறி ரெக்ரஷனின் பிழைக்கும் விளைவு ரெக்ரஷனின் பிழைக்கும் இடையே ஓர் ஒட்டுறவு இருப்பதாக வைத்துக்கொண்டு, அதைப் படிப்படியாக மாற்றி, எந்த மதிப்பில் மறைமுக விளைவு பூச்சியமாகிறது என்று பார்க்கிறது.

```r
s <- medsens(r, rho.by = 0.05)
summary(s)
```

தொடக்க மதிப்பெண்கள் சேர்க்காத என் முதல் மாதிரியில் அந்தப் புள்ளி −0.3 சுற்றி வந்தது. நான் ஒளித்து வைத்த `u` உண்டாக்கும் ஒட்டுறவும் −0.32தான் என்பதால், கருவி சரியான இடத்தைக் காட்டியது. ஆனால் −0.32 என்பது பெரியதா சிறியதா என்று மொட்டையாகச் சொல்ல முடியாது. அதைப் புரியும் மொழியில் மாற்றினால்: ஒளிந்திருக்கும் ஒரு காரணி, செயல்பாட்டில் விளக்கப்படாமல் எஞ்சிய மாறுபாட்டில் 36 விழுக்காட்டையும் மனச்சோர்வில் எஞ்சியதில் 28 விழுக்காட்டையும் விளக்கினால் போதும், மறைமுக விளைவு முழுவதும் மாயை. 0.36ஐயும் 0.28ஐயும் பெருக்கினால் வருவது 0.1, அது 0.32இன் வர்க்கம். தொடக்க மதிப்பெண்கள் சேர்த்த மாதிரியில் கவிழும் புள்ளி −0.17தான், அதாவது இன்னும் சிறிய காரணியே போதும். சரிசெய்தபின் எஞ்சிய மறைமுக விளைவே சிறியது என்பதால் அதைக் கவிழ்க்கவும் குறைவான விசையே வேண்டியிருக்கிறது. இதைச் சிலர் தலைகீழாகப் புரிந்துகொண்டு, சரிசெய்ததால் முடிவு உறுதிப்பட்டது என்று எழுதிவிடுகிறார்கள்.

இந்த எண்ணுக்குப் பொருள் கொடுக்க, நம்மிடம் அளந்து வைத்துள்ள வலுவான ஒரு காரணி, உதாரணமாகத் தொடக்க மனச்சோர்வு, இவ்விரண்டிலும் எவ்வளவு மாறுபாட்டை விளக்குகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். அதைவிடப் பலவீனமான காரணியே முடிவைக் கவிழ்க்கும் என்றால், ‘வழியாக’ என்ற சொல்லை முடிவுரையில் பயன்படுத்துவதில்லை.

அளவைகளிலும் ஒரு கோளாறு இருந்தது. பி.எச்.க்யூ.-9இன் முதல் கேள்வி, காரியங்களைச் செய்வதில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருக்கிறதா என்பது. செயல்பாட்டு அளவையிலும் ஏறக்குறைய அதே கேள்விகள் வருகின்றன. இடைமாறியின் ஒரு துண்டு விளைவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால், இரண்டுக்கும் தொடர்பு இருப்பதில் வியப்பென்ன? முதல் கேள்வியை நீக்கிவிட்டு எட்டுக் கேள்விகளோடு ஒருமுறை ஓட்டி, b எவ்வளவு குறைகிறது என்று காட்ட வேண்டும் என்று சேர்த்தோம்.

இவ்வளவும் செய்தபின் உளவியலாளர் கேட்டார், செயல்பாடுதான் காரணம் என்று நேரடியாகக் காட்ட வேறு வழியே இல்லையா என்று. இருக்கிறது, செயல்பாட்டுப் பகுதியையே குலுக்குவது. 1996இல் ஜேக்கப்சனும் கூட்டாளிகளும் அறிதல் நடத்தைச் சிகிச்சையைப் பாகங்களாகப் பிரித்து, செயலூக்கப் பகுதி மட்டும் ஒரு குழுவுக்கு, எண்ணங்களைத் திருத்தும் பகுதியும் சேர்ந்தது இன்னொன்றுக்கு, முழுச் சிகிச்சை மூன்றாவதற்கு என்று ஒதுக்கிப் பார்த்தார்கள். முழுச் சிகிச்சை, செயலூக்கம் மட்டும் பெற்றதைவிட மேலானதாகத் தெரியவில்லை. இன்னும் சுவையானது, எதிர்மறை எண்ணங்களை மாற்றுவதிலும் செயலூக்கக் குழு பின்தங்கவில்லை என்பது. எண்ணத்தைத் தொடாத சிகிச்சையிலும் எண்ணம் மாறுகிறது என்றால், எண்ணம் மாறியதையும் மனம் தேறியதையும் ஒரே ஆய்வில் ஒட்டுறவு பார்த்து ‘எண்ணத்தின் வழியாக’ என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கலாம். ஏற்காட்டு ஆய்வில், மூன்றாவது குழுவுக்கு அதே எட்டு அமர்வுகளும் செயல் திட்டமிடல் இல்லாத ஆதரவுப் பேச்சாக இருந்தால் பெரிதும் உதவும். அதற்கு ஆள்பலமும் பணமும் இப்போது இல்லை. கட்டுப்பாட்டுக் குழுவுக்கு ஆலோசகரின் எட்டு வருகைகள் கிடைக்காது என்பதால், ‘ஒருவர் வாரந்தோறும் வந்து விசாரித்தது’ என்ற காரணத்தைச் செயல்பாட்டிலிருந்து பிரிக்க இந்த வடிவமைப்பால் முடியாது என்பதை வரம்புகள் பகுதியில் முதல் வரியாக எழுதினோம்.

ஆய்வுப் பதிவேட்டுக்கு அனுப்பிய வரைவில் பழைய வாக்கியம் இரண்டானது. முதன்மை நோக்கம்: எட்டு அமர்வுகள் கொண்ட சிகிச்சைத் தொகுப்பு, மூன்றாம் மாத மனச்சோர்வைக் குறைக்கிறதா. துணை நோக்கம்: நான்காம் அமர்வின் செயல்பாடு அந்த விளைவுக்கு இடைமாறியாக இருப்பதோடு தரவு எந்த அளவு ஒத்துப்போகிறது, அந்த ஒத்துப்போதல் எவ்வளவு வலுவான அளக்காத காரணியால் கவிழும். முதலாவதற்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் விடை வந்தால் சிகிச்சை தோற்றதாகாது. வேலை செய்கிறது, நாம் நினைத்த வழியில் செய்வதாகத் தெரியவில்லை என்று எழுதுவோம்.

படிவத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் கடைசியாக ஒன்று கண்ணில் பட்டது. கார்த்திகை, மார்கழியில் காப்பிப் பழம் பறிப்பு நடக்கும். நான்காம் அமர்வு அந்த மாதங்களில் விழும் பெண்களுக்குச் செயல்பாட்டு மதிப்பெண் தானாகவே எகிறும். கூலி கையில் வருவதால் மனமும் சற்று இலேசாகும். நான் கணினியில் ஒளித்து வைத்த `u`வை இந்த மலை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது, அதுவும் அளக்கத்தக்கதாக. ஆகவே ஒவ்வொரு அமர்விலும் ‘கடந்த ஏழு நாளில் எஸ்டேட் வேலைக்குப் போன நாள்கள் எத்தனை’ என்ற கேள்வியைச் சேர்த்தோம். பருவத்தைச் சிகிச்சை மாற்றாது என்பதால் சேர்க்கை மாதத்தைத் தொடக்க மாறியாக எந்தத் தயக்கமுமின்றி ரெக்ரஷனில் போடலாம். வேலைக்குப் போன நாள்களைச் சிகிச்சை மாற்றக்கூடும் என்பதால் அதைப் போட முடியாது, தனியாகப் பதிந்து மட்டும் வைப்போம். இரண்டு நெடுவரிசைகளுக்கும் பெயரிட்டு, எது எந்த மாதிரியில் நுழையலாம் என்று குறிப்பேட்டில் எழுதிய பிறகு, படிவம் சேலத்தில் ஜெராக்ஸ் கடைக்குப் போயிற்று.